உச்சம் தாழ்ந்த வழி எது?

மணாலியிலிருந்து லே போக வேண்டும். கூட வருகிறவருக்கு எழுபது வயது. "தாராளமாகப் போய் வாருங்கள், ஆனால் ரொம்ப உயரத்தில் ஏறாதீர்கள்" என்று மருத்துவர் சொல்லியனுப்பியிருக்கிறார். அந்த நிமிடமே கிலோமீட்டரும் மணிக்கணக்கும் இரண்டாம்பட்சமாகிவிடுகின்றன. வழியில் நாம் தொடவேண்டிய மிக உயரமான இடம் எது? எந்த வழியில் போனால் அந்த உச்சம் எல்லாவற்றிலும் தாழ்வாக இருக்கும்? இனிமேல் இதுதான் கேள்வி.

நாம் பழகிய வழிக்கணக்கு இப்படிப்பட்டதல்ல. கைபேசி வரைபடம் வழி சொல்லும்போது சாலைத் துண்டுகளின் தூரத்தையோ நேரத்தையோ கூட்டிப் பார்த்து, கூட்டுத்தொகை குறைவான வழியைத் தருகிறது. இங்கே கூட்டுவதற்கு எதுவும் இல்லை. 4,000 மீட்டர் உயரமுள்ள கணவாய்கள் பத்தைத் தாண்டினாலும் ஒன்றைத் தாண்டினாலும் இந்தக் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். 5,000 மீட்டர் கணவாய் ஒன்றே ஒன்று குறுக்கிட்டால் போதும், அந்த வழி பின்தங்கிவிடும். ஒரு வழியின் மதிப்பு அதன் மிக மோசமான துண்டின் மதிப்பு.

கணினி அறிவியலில் ஊர்களை முனைகள் என்றும், சாலைகளை விளிம்புகள் என்றும், விளிம்பின்மேல் எழுதும் எண்ணை எடை என்றும் சொல்வார்கள். இரண்டு முனைகளுக்கு நடுவே உள்ள எல்லா வழிகளிலும், மிகக் கனமான விளிம்பு எதில் லேசாக இருக்கிறதோ அந்த வழியைக் கண்டுபிடி என்பது கேள்வி. வழிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கத் தொடங்கினால் அவை விரைவில் கைக்கடங்காமல் பெருகிவிடும். எண்ண வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் நல்ல செய்தி. கல்லூரியில் கணினி படித்தவர்கள் 'மினிமம் ஸ்பானிங் ட்ரீ' என்று கேள்விப்பட்டிருப்பார்கள். எல்லா ஊர்களையும் மிகக் குறைந்த மொத்த எடையில், வளையம் எதுவும் இல்லாமல் இணைக்கும் சாலைத் தொகுப்பு அது. அந்த மரத்தை ஒருமுறை வரைந்துவிட்டால் எந்த இரண்டு ஊர்களுக்கு நடுவிலும் அதற்குள் ஒரே ஒரு வழிதான் இருக்கும். அந்த வழியே நாம் தேடும் விடை.

லடாக்கை வைத்தே இதைச் செய்து பார்க்கலாம். எட்டு ஊர்களை எடுத்துக்கொள்வோம். இமாசலப் பக்கம் மணாலி, தார்ச்சா, சர்ச்சு. லடாக் பக்கம் பாங், லே, பதும், கார்கில். காஷ்மீரில் ஸ்ரீநகர். இவற்றில் சர்ச்சுவும் பாங்கும் ஊர் என்று சொல்லும்படியானவை அல்ல. கோடையில் கூடாரக் கடைகள் முளைக்கும் நிறுத்தங்கள் என்றாலும் நம் கணக்குக்கு அவையும் முனைகளே. ஒவ்வொரு சாலைக்கும் எடையாக, அதன் இரு முனைகளையும் சேர்த்து, அந்தச் சாலையின் மிக உயரமான புள்ளியை மீட்டரில் எழுதப்போகிறேன். பெரும்பாலும் அது ஒரு 'லா', அதாவது லடாக்கியில் கணவாய். உயரங்களைப் பத்துக்கு முழுமையாக்கித் தருகிறேன். சாலையோரப் பலகை ஒன்று சொல்லும், புத்தகம் ஒன்று சொல்லும், ஐம்பது மீட்டர் வித்தியாசம் அங்கே சகஜம். அந்த வித்தியாசம் எங்கே பொருட்டு, எங்கே பொருட்டில்லை என்பதையும் பின்னால் பார்ப்போம்.

வேலை செய்யும் முறை இதுதான். தொடக்கத்தில் எட்டு ஊர்களும் எட்டுத் தனிக் குழுக்கள். சாலைகளை உயரம் குறைந்ததிலிருந்து கூடியதற்கு வரிசைப்படுத்தி ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். சாலையின் இரண்டு முனைகளும் வேறு வேறு குழுக்களில் இருந்தால் சாலையை வைத்துக்கொண்டு இரண்டு குழுக்களையும் ஒன்றாக்கிவிடலாம். இரண்டும் ஏற்கெனவே ஒரே குழுவில் இருந்தால் சாலையை ஒதுக்கிவிடலாம்.

முதலில் வருவது மலையே ஏறாத சாலை. மணாலியிலிருந்து மண்டி, பதான்கோட், ஜம்மு வழியாகச் சமவெளிக்கு இறங்கி, பனிஹால் பக்கத்துச் சுரங்கப்பாதைகளைக் கடந்து ஸ்ரீநகர் சேரும் பெரும் சுற்று. அதில் மிக உயரமான இடம் சுமார் 2,050 மீட்டரில் இருக்கும் மணாலியேதான். வைத்துக்கொள்வோம். அடுத்தது மணாலி–தார்ச்சா. 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறக்கும்வரை இந்தச் சாலை ரோத்தாங் கணவாயில் 3,980 மீட்டர் வரை ஏறியது. இப்போது சுரங்கம் 3,100 மீட்டரை ஒட்டிய உயரத்திலேயே மலையைக் கடந்துவிடுகிறது. ஆகவே சாலையின் உச்சம் தார்ச்சாவே, 3,360. இதையும் வைத்துக்கொள்கிறோம். மூன்றாவது ஸ்ரீநகர்–கார்கில். அதில் ஜோஜி லா 3,530. கார்கில் குழுவில் சேர்கிறது. மணாலி, தார்ச்சா, ஸ்ரீநகர், கார்கில் நான்கும் இப்போது ஒரே குழு.

நான்காவது பதும்–லே. ஸன்ஸ்கார் ஆற்றின் பள்ளத்தாக்கை ஒட்டியே இறங்கி நிம்முவில் சிந்துவைத் தொடும் புதிய சாலை இது. பெரிய கணவாய் எதுவும் இல்லை, 3,700 என்று வைத்துக்கொள்ளலாம். பதுமும் லேயும் தனியாக ஒரு குழுவாகின்றன. ஐந்தாவது கார்கில்–லே நெடுஞ்சாலை. நமிகா லா, ஃபோட்டு லா என்ற இரண்டு கணவாய்களில் உயரமான ஃபோட்டு லா 4,110. கார்கில் ஒரு குழுவிலும் லே இன்னொரு குழுவிலும் இருப்பதால் சாலையை வைத்துக்கொள்கிறோம், இரண்டு குழுக்களும் கலந்து ஒன்றாகின்றன.

ஆறாவது சாலையில் முதல் ஒதுக்கல் நடக்கிறது. பதும்–கார்கில் சாலை பென்சி லா வழியாக 4,400 மீட்டர் ஏறுகிறது. ஆனால் பதுமும் கார்கிலும் ஏற்கெனவே ஒரே குழுவில் இருக்கின்றன. பதுமிலிருந்து லே, லேயிலிருந்து கார்கில் என்று 4,110-ஐத் தாண்டாத ஒரு வழி கையில் இருக்கும்போது 4,400 தேவையில்லை. ஒதுக்கும் சாலை ஒவ்வொன்றுக்கும் இதே காரணம்தான்: அதன் இரு முனைகளுக்கும் நடுவே, அதைவிட உயரமில்லாத சாலைகளாலான ஒரு வழி முன்பே அமைந்துவிட்டது.

ஏழாவது தார்ச்சா–சர்ச்சு, பாராலாச்சா லா, 4,890. சர்ச்சு புது முனை என்பதால் சாலை நிற்கிறது. எட்டாவது பாங்–லே. இதற்கு இரண்டு சாலைகள் உண்டு. எல்லோரும் போகும் நெடுஞ்சாலை தங்லங் லாவில் 5,330 ஏறும். த்சோ கார் ஏரிப் பக்கம் திரும்பி, போலோகோங்கா லாவைத் தாண்டி, மாஹே பாலத்தில் சிந்துவைச் சேர்ந்து லே போகும் சுற்றுச் சாலை 4,970-உடன் முடிந்துவிடும். வரிசையில் சுற்றுச் சாலை முதலில் வருவதால் அது நிற்கிறது. இத்தோடு எட்டு ஊர்களும் ஒரே குழு, ஏழு சாலைகள், மரம் முடிந்துவிட்டது. மிச்சமிருக்கும் மூன்றும் தாமாகவே ஒதுங்கும்: சர்ச்சு–பாங் இடையே லாச்சுங் லா 5,060, தார்ச்சா–பதும் இடையே ஷிங்கு லா 5,090, பாங்–லே நெடுஞ்சாலையின் தங்லங் லா 5,330.

இனி விடையை மரத்திலிருந்து படிக்கலாம். மணாலியிலிருந்து லேவுக்கு மரத்தில் உள்ள ஒரே வழி மணாலி–ஸ்ரீநகர்–கார்கில்–லே. எடைகள் 2,050, 3,530, 4,110. ஆகவே உச்சம் ஃபோட்டு லா. புகழ்பெற்ற மணாலி–லே நெடுஞ்சாலையின் உச்சத்தைவிட இது ஏறத்தாழ 1,200 மீட்டர் தாழ்வு. இதற்குக் கொடுக்கும் விலையும் சின்னதல்ல. 430 கிலோமீட்டரை ஒட்டிய பயணம் ஆயிரத்தை ஒட்டிவிடுகிறது. இந்தக் கணக்கு தூரத்தைக் கேட்கவே இல்லை, அதனால் அதைப் பற்றி எதுவும் சொல்லவும் இல்லை.

இந்த இடத்தில் நியாயமாக ஒரு சந்தேகம் வரும். மரத்தை உருவாக்கும்போது மணாலி–லே என்ற கேள்வியே நம் மனதில் இல்லை. எல்லா ஊர்களையும் சேர்த்து இணைக்கத்தான் பார்த்தோம். அப்படியிருக்க, மரம் தரும் வழியைவிடத் தாழ்ந்த உச்சமுள்ள வழி வெளியே எங்கும் ஒளிந்திருக்கவில்லை என்று எப்படி உறுதியாகச் சொல்வது? இதற்கான நிரூபணம் ஐந்தாறு வரிதான், அதற்குக் கணக்குப் பாடத்தின் குறியீடு எதுவும் வேண்டியதில்லை. எனக்கு இந்த முழு விஷயத்திலும் மிகவும் பிடித்தது இதுதான், ஆகவே நிதானமாகவே சொல்கிறேன்.

மரத்தின் வழியில் மிக உயரமான சாலையை, அதாவது கார்கில்–லே சாலையை, மரத்திலிருந்து வெட்டிவிடுங்கள். மரம் இரண்டு துண்டாகும். ஒரு துண்டில் லே, பதும், பாங். மறு துண்டில் கார்கில், ஸ்ரீநகர், மணாலி, தார்ச்சா, சர்ச்சு. மணாலி ஒரு பக்கம், லே மறுபக்கம். மணாலியிலிருந்து லே போகும் எவரும், எவ்வளவு விசித்திரமான வழியில் போனாலும், எங்காவது ஓரிடத்தில் முதல் பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கடந்தே ஆகவேண்டும். அப்படிக் கடக்கும் சாலைகள் நம் பதினொன்றில் எத்தனை? நான்கு: ஃபோட்டு லா 4,110, பென்சி லா 4,400, லாச்சுங் லா 5,060, ஷிங்கு லா 5,090. இவற்றில் மிகத் தாழ்ந்ததைத்தான் மரம் வைத்திருக்கிறது. ஒருவேளை 4,110-ஐவிடத் தாழ்ந்த சாலை ஒன்று இரண்டு துண்டுகளையும் இணைத்திருந்தால், ஃபோட்டு லாவை எடுத்துவிட்டு அதை மரத்தில் வைத்து மொத்த எடையைக் குறைத்திருக்கலாம். அப்படிக் குறைக்க முடிந்தால் நம் மரம் மிகக் குறைந்த எடையுள்ள மரமே அல்ல. ஆகவே அப்படி ஒரு சாலை இல்லை, எவரும் 4,110-க்குக் கீழே தப்பிக்க முடியாது. வேறெந்த இரண்டு ஊர்களை எடுத்தாலும் இதே வாதம் வார்த்தை மாறாமல் பொருந்தும்.

எட்டு ஊர்களுக்கு நடுவே 28 ஜோடிகள் உண்டு. 28 கேள்விகளுக்கும் ஏழு சாலைகளுள்ள இந்த ஒரே மரம் பதில் சொல்கிறது. விடையாக வரக்கூடிய எண்களும் அதிகபட்சம் ஏழுதான், ஏனென்றால் ஒவ்வொரு விடையும் மரத்தின் ஏதோ ஒரு சாலையின் உயரம். ஆயிரம் ஊர்கள் என்றால் ஜோடிகள் ஏறத்தாழ ஐந்து லட்சம், மரத்தில் சாலைகள் 999 மட்டுமே.

இன்னொன்றையும் கவனியுங்கள். மரத்தின் 'மொத்த எடை' என்று இதுவரை சொல்லிவந்தேன். ஃபோட்டு லாவின் உயரத்தையும் ஜோஜி லாவின் உயரத்தையும் கூட்டினால் கிடைக்கும் எண்ணுக்கு உலகில் ஒரு பொருளும் இல்லை. ஆனாலும் அந்தப் பொருளற்ற கூட்டுத்தொகையைக் குறைத்ததால் பொருளுள்ள விடை கிடைத்தது. ஏனென்றால், மேலே செய்த வேலையில் எங்குமே நாம் கூட்டவில்லை. எது உயரம், எது தாழ்வு என்று ஒப்பிட்டு வரிசைப்படுத்தியதோடு சரி. உயரங்களை அடிக்கு மாற்றினாலும், ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்தினாலும், எல்லாவற்றிலிருந்தும் ஆயிரத்தைக் கழித்தாலும் வரிசை மாறாது, வரிசை மாறாதவரை மரமும் மாறாது. மிகக் குறுகிய தூரம் தேடும் கணக்கில் இது நடக்காது. அங்கே எண்களை வர்க்கப்படுத்தினால் வழியே மாறிப்போகலாம். அதனால்தான் உயரத்தை மிகத் துல்லியமாக அளக்க வேண்டிய அவசியமும் இங்கே பெரும்பாலும் இல்லை. ஃபோட்டு லா 4,110-ஆ 4,150-ஆ என்பதால் மரம் மாறாது. அடுத்த போட்டியாளரான பென்சி லா வெகு உயரத்தில் நிற்கிறது.

இந்த மரத்தின் கதை மின்கம்பியில் தொடங்கியது. முதல் உலகப் போருக்குப் பிந்தைய மொராவியாவில், ஊர்களுக்கு மின்சாரம் கொண்டுபோக மிகக் குறைந்த செலவில் கம்பி இழுப்பது எப்படி என்ற கேள்வி கணிதர் ஒட்டாகர் போருவ்காவிடம் வந்தது. 1926-இல் அதற்கு அவர் விடை எழுதினார். நாம் மேலே செய்த 'தாழ்ந்ததிலிருந்து எடுத்துக்கொண்டே போ' என்ற எளிய முறையை 1956-இல் அமெரிக்கரான ஜோசப் க்ரஸ்கல் வெளியிட்டார், முறையும் அவர் பெயராலேயே வழங்குகிறது. கம்பி நீளத்துக்காகப் பிறந்த மரம், மிக மோசமான துண்டு என்ற முற்றிலும் வேறான கேள்விக்கும் பதில் வைத்திருக்கிறது என்பதை டி. சி. ஹூ 1961-இல் எழுதிய கட்டுரை காட்டியது. அவர் கேள்வி நம்முடையதன் தலைகீழ். ஒரு வழியில் எவ்வளவு சரக்கு போகும் என்பதை அதன் மிகக் குறுகிய துண்டு தீர்மானிக்கிறது, அந்தக் குறுகலை எவ்வளவு அகலமாக்கலாம் என்று அவர் கேட்டார். பாலங்கள் தாங்கும் எடையைப் பார்த்து லாரிக்கு வழி சொல்கிறவர்களுக்கு வேண்டியது அதுதான். சாலைகளைப் பெரியதிலிருந்து சிறியதற்கு வரிசைப்படுத்தினால் போதும், மற்றதெல்லாம் அப்படியே.

இப்போது நடைமுறைக்குத் திரும்புவோம். ஆயிரம் கிலோமீட்டர் சுற்ற எல்லோருக்கும் விடுமுறை கிடைக்காது. சமவெளிச் சாலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும்? மரத்தை முதலிலிருந்து கட்ட வேண்டியதில்லை. மணாலி–ஸ்ரீநகர் சாலையை வெட்டினால் மணாலி, தார்ச்சா, சர்ச்சு ஒரு பக்கம் பிரியும், மற்ற ஐந்தும் மறுபக்கம். இரண்டையும் இணைக்க மிஞ்சுபவை இரண்டே சாலைகள், லாச்சுங் லா 5,060, ஷிங்கு லா 5,090. தாழ்ந்ததை எடுத்து ஒட்டினால் புது மரம் தயார். மணாலியிலிருந்து தார்ச்சா, சர்ச்சு, பாங், அங்கிருந்து த்சோ கார் வழியாக லே, உச்சம் 5,060.

ஆனால் இந்த இடத்தில் முப்பது மீட்டர் வித்தியாசத்தை நம்பி முடிவெடுக்கக் கூடாது. ஷிங்கு லாவை 5,050-க்குச் சற்றுக் கீழே காட்டும் அளவுகளும் உண்டு. அப்படியானால் வரிசை புரண்டு, பதும் வழி முந்திவிடும். அளவுப் பிழையைவிடச் சிறிய வித்தியாசத்தில் இரண்டு சாலைகள் நிற்கும்போது, மரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் காட்டுகிறது என்பதற்காக அது மேலானது என்று ஆகிவிடாது. இரண்டும் சமம் என்று வைத்துக்கொண்டு, சாலையின் நிலை, இரவு தங்கும் இடம் போன்ற வேறு காரணங்களைப் பார்த்து முடிவு செய்வதே சரி. ஒரு மரத்தை நம்பலாமா என்று பார்க்க நல்ல சோதனை இதுதான்: வெட்டிய இடத்தைக் கடக்கும் சாலைகளில் முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடைவெளி எவ்வளவு?

ஷிங்கு லாவுக்கு அடியில் சுமார் 15,800 அடி, அதாவது 4,820 மீட்டர் உயரத்தில் 4.1 கிலோமீட்டர் சுரங்கப்பாதை ஒன்றின் வேலை 2024 ஜூலையில் முதல் வெடிப்போடு தொடங்கியது. அது முடிந்தால் நம் கணக்கு எப்படி மாறும்? சமவெளிச் சாலையை விலக்கிய கணக்கில் தயக்கம் தீர்ந்துவிடும். மணாலியிலிருந்து லேவுக்கு உச்சம் 4,820 ஆகும், வழி பதும் வழியே. சமவெளிச் சாலையும் உள்ள முதல் கணக்கிலோ எதுவும் மாறாது. தார்ச்சாவும் பதுமும் அங்கே 4,110-ஐத் தாண்டாமலே இணைந்திருக்கின்றன, 4,820 அங்கே நுழைய முடியாது. ஒரே சுரங்கம் ஒரு பயணிக்கு எல்லாவற்றையும் மாற்றுகிறது, இன்னொருவருக்கு ஒன்றையும் மாற்றவில்லை. ஜோஜி லாவில் தோண்டிக்கொண்டிருக்கும் பெரிய சுரங்கமும் ஸ்ரீநகர்–லே பயணத்தின் உச்சத்தை ஒரு மீட்டர்கூடக் குறைக்காது. அந்தப் பயணத்தின் உச்சம் ஃபோட்டு லாவில் இருக்கிறது. ஜோஜி லா சுரங்கத்தின் நோக்கம் வேறு, குளிர்காலத்திலும் சாலை திறந்திருக்க வேண்டும் என்பது.

புதிய சாலை சேர்ந்தாலும் இதே எளிமைதான். பதினொன்றில் நான் சேர்க்காத சாலைகளும் உண்டு. கார்கிலிலிருந்து படாலிக் வழியாகச் சிந்துக் கரைக்கு இறங்கி, காலட்சேக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையைச் சேரும் சாலை அவற்றில் ஒன்று. அது தாண்டும் ஹம்போடிங் லா ஃபோட்டு லாவைவிடச் சற்றுத் தாழ்வு. அதை மரத்தில் சேர்த்தவுடன் ஒரே ஒரு வளையம் உண்டாகும். வளையத்தில் மிக உயரமான சாலையைக் கழற்றிவிட்டால் மரம் மறுபடி சரியாகிவிடும். இங்கே கழன்றுவிழுவது ஃபோட்டு லா. கிடைக்கும் லாபம் நூறு மீட்டருக்கும் குறைவு என்பதால் பயணிக்கு அது பெரிய விஷயமல்ல. ஆனால் முழு நாட்டுச் சாலைகளையும் மறுபடி வரிசைப்படுத்தாமல் ஒரு வளையத்தை மட்டும் பார்த்து முடித்துவிட முடிகிறது என்பது பெரிய விஷயம்.

மரம் சொல்வதை அப்படியே வண்டியோட்டியிடம் கொடுத்துவிடக் கூடாத இடங்களும் உண்டு. பதுமிலிருந்து சர்ச்சு போக மரம் காட்டும் வழி பதும்–லே–கார்கில்–ஸ்ரீநகர்–மணாலி–தார்ச்சா–சர்ச்சு. உச்சம் 4,890, கடைசித் துண்டில் வரும் பாராலாச்சா லா. அதற்குக் கீழே போகவே முடியாது, அது சரி. ஆனால் எப்படியும் 4,890 ஏறத்தான் போகிறோம் என்றால், பதுமிலிருந்து லே பக்கம் சுற்றாமல் பென்சி லா வழியாக நேராகக் கார்கில் போனால் என்ன? 4,400 மீட்டர் ஏறவேண்டி வரும், அதனால் பயணத்தின் உச்சம் மாறாது, தூரமும் குறையும். மரம் தருவது தாழ்ந்த உச்சமுள்ள வழிகளில் ஒன்றை, அவற்றில் நல்லதை அல்ல. ஆகவே இரண்டு கட்டமாகச் செய்ய வேண்டும். முதலில் மரத்தைப் பார்த்து உச்சம் எவ்வளவு என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு அந்த எண்ணைத் தாண்டும் சாலைகளை எல்லாம் வரைபடத்திலிருந்து அழித்துவிட்டு, மிஞ்சிய சாலைகளில் வழக்கமான குறுகிய தூரக் கணக்கைப் போட வேண்டும்.

ஒருவழிச் சாலைகள் இருந்தால் மரம் உதவாது. போகும்போது ஒரு எடை, வரும்போது வேறு எடை என்றாலும் உதவாது. இரண்டு துண்டாக வெட்டி நாம் செய்த வாதம், சாலை இரு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதை நம்பித்தான் நிற்கிறது. அந்த நிலையில் டைக்ஸ்ட்ரா 1959-இல் குறுகிய தூரத்துக்காகத் தந்த முறையைச் சிறிது மாற்றிப் பயன்படுத்தலாம். இதுவரை வந்த தூரத்தோடு அடுத்த சாலையைக் கூட்டுவதற்குப் பதிலாக, இதுவரை கண்ட உச்சம், அடுத்த சாலையின் உயரம் இரண்டில் பெரியதை எழுதிக்கொண்டே போக வேண்டும். ஒரு ஊரிலிருந்து புறப்படும் வழிகளுக்கு மட்டும் அது விடை தரும், மரத்தைப் போல எல்லா ஜோடிகளுக்கும் ஒரே அடியாகத் தராது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது சாலைமேல் எந்த எண்ணை எழுதுகிறோம் என்பது. ஜனவரியில் பயணம் என்றால் உயரத்தை எழுதுவதில் பயனில்லை. நாம் பார்த்த கணவாய்களில் தாழ்ந்ததான ஜோஜி லாதான் பனிச்சரிவுக்குப் பேர்போனது. அப்போது சாலை அடைபடும் நாட்களை எடையாக எழுத வேண்டும், மரமும் வேறாக வரும். உயர நோயை நினைத்தே பயணம் திட்டமிடுகிறவர்கள், பகலில் சில நிமிடம் கடக்கும் கணவாயைவிட இரவு தூங்கும் இடத்தின் உயரத்தையே மருத்துவர்கள் கூடுதலாகக் கவனிக்கச் சொல்வதையும் நினைவில் வைக்க வேண்டும். 3,000 மீட்டருக்கு மேலே போன பிறகு தூங்கும் உயரத்தை ஒரு இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமலிருப்பது அவர்கள் தரும் பொதுவான அளவு. மணாலி நெடுஞ்சாலையில் இரவு தங்கப் பலரும் தேர்ந்தெடுக்கும் சர்ச்சு 4,290 மீட்டரை ஒட்டி இருக்கிறது. ஸ்ரீநகர் வழியில் கார்கில் 2,700, அடுத்த இரவு லே 3,500.

எழுபது வயதுக்காரரை அழைத்துப் போகிறவர்களுக்கு இரண்டு கணக்கும் ஒரே பதிலைத்தான் சொல்கின்றன. ஸ்ரீநகர் வழியாகப் போங்கள், கார்கிலில் ஒரு இரவு தங்குங்கள். லே சேர்ந்த பிறகு இரண்டு நாள் வேறெங்கும் ஏறாமல் ஓய்வெடுங்கள். புறப்படுவதற்கு முன் ஜோஜி லா திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.